மூன்று பேரும் ஒரே கம்பெனிதானா?

எங்கள் கம்பெனியில் முதலாளிகள் மூன்று பேர். லிங்க்ட்இன்னில் பார்த்தால் மூன்று கம்பெனிகளாக இருந்தன.

என் மனைவியின் தம்பிதான் மென்பொருள் எழுதுகிறவன். பழைய ஐ.டி. வேலையில் இருக்கும்போதே இதைத் தொடங்கிவிட்டதால், மேலாளர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று தன் பக்கத்தில் Stealth Startup என்று போட்டு வைத்திருந்தான். ரகசியமாகத் தொழில் தொடங்கும் எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். அந்தப் பெயரிலேயே அங்கே பக்கங்கள் இருக்கின்றன, அவற்றில் ஆயிரக்கணக்கான ஊழியர்களும் இருக்கிறார்கள். மைத்துனனின் சக ஊழியர்கள் யார் என்று அழுத்திப் பார்த்தால் கலிஃபோர்னியாவிலிருந்து பெங்களூரு வரை ஒரு ஜனசமுத்திரம். அதில் நானும் இல்லை, அண்ணனும் இல்லை.

அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் அல்ல. திருப்பூரில் ஒரு நிட்டிங் மில்லில் வாழ்நாளெல்லாம் மேனேஜராக இருந்தவர். துணி எங்கே திருடு போகும், எங்கே சுருங்கும், எங்கே சுருங்கியதாகச் சொல்லப்படும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எங்கள் மென்பொருளின் மூளை அவர்தான். லிங்க்ட்இன்னில் அவர் அப்போதும் அந்த மில்லின் மேனேஜராகவே இருந்தார். படம், ஏதோ கல்யாணத்தில் எடுத்து வெட்டியது. அவர் தோளில் யாருடையதோ ஒரு கை மட்டும் மிச்சம் இருந்தது.

நான் விற்பனை. என் பக்கத்தில் கம்பெனிப் பெயர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. ஆனால் கம்பெனிக்கென்று அங்கே பக்கம் எதுவும் தொடங்காததால், பெயருக்குப் பக்கத்தில் லோகோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டடம் நின்றது. லிங்க்ட்இன்னுக்குத் தெரியாத கம்பெனிகளெல்லாம் குடியிருக்கும் கட்டடம் அது.

பனியன் கம்பெனிக்காரர்கள் லிங்க்ட்இன் பார்த்து மென்பொருள் வாங்குவதில்லை, ஆகவே நாங்களும் கவலைப்படவில்லை. வாட்ஸ்அப்பில் டெமோ, டீக்கடையில் பேரம், பேங்க்கில் பணம் என்று தொழில் நடந்துகொண்டிருந்தது. பிறகு ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் வாரிசு, வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர், எங்களைச் சந்திக்கும் முன்பே மூன்று பேர் பெயரையும் தேடிப் பார்த்துவிட்டார். தொலைபேசியில் மரியாதையாகத்தான் கேட்டார்: "தப்பா நினைச்சுக்காதீங்க, நீங்க மூணு பேரும் ஒரே கம்பெனிதானுங்களா?"

அன்றே கம்பெனிக்குப் பக்கம் தொடங்குவதென்று முடிவானது.

மைத்துனன் முதலில் செய்த காரியம், கம்பெனி பெயரில் புதிதாக ஒரு ஜிமெயில் திறந்து, அதை வைத்து லிங்க்ட்இன்னில் ஓர் 'ஆளை' உருவாக்கியது. முதல் பெயர் கம்பெனியின் முதல் பாதி, கடைசிப் பெயர் அதன் பின்பாதி. படத்துக்கு லோகோ. பேங்க் கணக்குபோல இதற்கும் தனி பாஸ்வேர்டு வேண்டும் என்று நினைத்துவிட்டான். கம்பெனிப் பக்கத்துக்குத் தனி நுழைவு என்பதே கிடையாது. ஒரு நிஜ மனிதர் தன் சொந்தக் கணக்கில் நுழைந்து, மேலே For Business என்பதற்குள் போய் Create a Company Page என்பதை அழுத்தித்தான் தொடங்க வேண்டும். அந்த மனிதர்தான் அதன் நிர்வாகி. நேற்றுப் பிறந்த, நண்பர்களே இல்லாத கணக்குக்குப் பக்கம் தொடங்கும் உரிமையும் கிடைக்காது. கணக்குக்குச் சில நாள் வயதாகியிருக்க வேண்டும், நாலு பேர் இணைப்பில் இருக்க வேண்டும். இல்லாத ஆளின் பெயரில் கணக்கு வைப்பது அவர்கள் விதிக்கே விரோதம் என்பது வேறு. ஆக, கம்பெனி என்ற அந்த ஆசாமியை அன்று மாலையே அழித்தோம். அதற்குள் அவருக்கு ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் நட்பு அழைப்பு அனுப்பியிருந்தார்.

பிறகு என் கணக்கிலிருந்து தொடங்கினோம். படிவம் சின்னதுதான். பெயர், முகவரி, வலைத்தளம், துறை, ஆட்களின் எண்ணிக்கை, கம்பெனியின் வகை, லோகோ, ஒருவரிக் குறிப்பு. இதை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், தனியாக இருந்தால் பத்து நிமிடம். மூன்று நிறுவனர்கள் ஒரே அறையில் இருந்தால் கணக்கில்லை.

பெயரிலேயே முட்டியது. ஆடிட்டர் வாங்கித் தந்த சான்றிதழில் எங்கள் பெயர் மூன்று பெரிய சொற்களும் பிரைவேட் லிமிடெடும் சேர்ந்து ஒரு ரயில் நீளத்துக்கு இருக்கும். வாடிக்கையாளர்களுக்கு அதில் முதல் சொல் மட்டுந்தான் தெரியும். அண்ணன், "காசு கட்டி வாங்கின பேரு தம்பி, முழுசாப் போடுங்க" என்றார். ஆனால் பக்கத்துக்கு வைக்கும் பெயர்தான் நாளைக்கு மூன்று பேரும் தங்கள் அனுபவப் பகுதியில் தேடி எடுக்க வேண்டிய பெயர். ஜனங்கள் தேடும் பெட்டியில் அடிக்கப்போகிற பெயரும் அதுவே. ஆகவே பெயரில் அழைக்கும் பெயரை வைத்து, முழு ஜாதகத்தையும் அறிமுகப் பகுதியின் கடைசி வரியில் எழுதினோம். அறிமுகத்துக்கு 2,000 எழுத்து இடம் இருக்கிறது, ரயில் தாராளமாக நிற்கும்.

linkedin.com/company/ என்பதற்குப் பின்னால் வரும் முகவரியில் எங்கள் பெயரை வேறு யாரோ ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். மைத்துனன் பின்னால் 007 சேர்க்கலாம் என்றான். விசிட்டிங் கார்டில் அச்சிடப்போகும் முகவரி அது என்பதை நினைவூட்டி, பெயரோடு ஒரு கோடு போட்டு இந்தியாவைச் சேர்த்தேன். வலைத்தள முகவரியும் அதே மாதிரி இருந்ததால் பொருந்திப் போனது.

துறை என்ற இடத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நாங்கள் செய்வது மென்பொருள், விற்பது துணிக்காரர்களுக்கு. அண்ணன் ஜவுளி உற்பத்தி என்று போடச் சொன்னார். பெரியவர் சொல்லைத் தட்டுவானேன் என்று போட்டோம். அந்த வாரமே நிட்டிங் ஊசி விற்பவர், பழைய மெஷின் வாங்குபவர், நூல் ஏஜென்ட் என்று வரிசையாகச் செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். துறை என்பது நாம் யாருக்கு விற்கிறோம் என்பதல்ல, நாம் என்ன செய்கிறோம் என்பது. மென்பொருள் என்று மாற்றியதும் ஊசிக்காரர்கள் ஓய்ந்தார்கள். ஆப் செய்து தருகிறோம் என்பவர்கள் வந்தார்கள். அவர்களாவது மைத்துனனின் சாதி.

ஆண்டு போடுவதில்தான் குடும்பச் சண்டை. மைத்துனன் கணக்குப்படி கம்பெனி பிறந்தது அவன் முதல் வரி எழுதிய இரவு. அண்ணன் கணக்குப்படி, அவர் மில்லில் நோட்டுப் புத்தகத்தில் கோடு கிழித்து இதே கணக்கைப் போடத் தொடங்கிய காலம், அப்போது மைத்துனன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். ஆடிட்டர் கணக்குப்படி சான்றிதழில் உள்ள தேதி. பக்கத்தில் ஆண்டுக்கு ஓர் இடந்தான் உண்டு. அதில் சான்றிதழின் ஆண்டைப் போடுவதுதான் பத்திரம், ஏனென்றால் சந்தேகப்படுகிறவர் அரசின் கம்பெனிப் பதிவேட்டைத் திறந்து ஒப்பிட்டுவிடலாம். அவரவர் பக்கத்தில் அதற்கு முந்தைய மாதத்தைப் போட்டுக்கொள்வதில் குற்றமில்லை, பதிவுக்கு முன்பே வேலை தொடங்கியிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. மாதக் கணக்கில் முந்தினால் யாரும் கேட்க மாட்டார்கள். கம்பெனியின் வயதைவிட நிறுவனரின் அனுபவம் பத்து வருஷம் கூடுதலாக இருந்தால் கேட்பார்கள். அண்ணனின் நோட்டுப் புத்தகக் காலத்தை அவருடைய பழைய மில் வேலையின் கீழ் ஒரு வரியாக எழுதினோம். அது அங்கே இருப்பதுதான் அவருக்கும் கௌரவம், கம்பெனிக்கும் கௌரவம்.

பிறகு பட்டங்கள். மைத்துனன் சி.டி.ஓ. என்றான். நான் சி.இ.ஓ. என்று யாரும் கேட்காமலே இருந்தேன். அண்ணன் மட்டும், "நான் ஓனர்னே போட்டுக்கறேன் தம்பி, எல்லாருக்கும் புரியும்" என்றார். ஆடிட்டரைக் கேட்டபோது அவர் வேறு ஒரு குண்டைப் போட்டார். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் இயக்குநர் உண்டு, தலைமைச் செயல் அதிகாரி உண்டு, புரமோட்டர் உண்டு. 'கோ-ஃபவுண்டர்' என்ற பதவிக்கு விளக்கம் கிடையாது. பிரைவேட் லிமிடெட்டுக்குக் குறைந்தது இரண்டு இயக்குநர்கள் வேண்டும். எங்களில் இயக்குநர்கள் நானும் அண்ணனும். மைத்துனன் அப்போது வேறு வேலையில் இருந்ததால் பங்கு மட்டும் வைத்திருந்தான், இயக்குநர் ஆகவில்லை. ஆனால் அவன் பக்கத்தில் Stealth Startup-க்குக் கீழே பொடி எழுத்தில் இயக்குநர் என்று இருந்தது.

இதுதான் உண்மையாகவே சரிசெய்ய வேண்டிய இடம். கோ-ஃபவுண்டர் என்று யார் வேண்டுமானாலும் போடலாம், அது ஒரு குடும்ப உறவு மாதிரி. இயக்குநர் என்பது பதிவேட்டில் இருக்கும் பெயர். கடன் கொடுக்கும் பேங்க்காரர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேள்வி வரும். முடிவில் மூன்று பேருக்கும் பொதுவாகக் கோ-ஃபவுண்டர், அதற்குப் பின்னால் அவரவர் செய்யும் வேலை என்று வைத்தோம். அண்ணன் அதிலும் திருப்தி அடையவில்லை. "கோ எதுக்கு தம்பி? பால் சொசைட்டி மாதிரி இருக்குது" என்றார்.

வேலைகளிலேயே கஷ்டமானது அந்த ஒருவரிக் குறிப்பு. பக்கத்தின் பெயருக்குக் கீழே 120 எழுத்துக்குள் நாம் யார் என்று சொல்ல வேண்டும். தனிநபர் பக்கத்தில் பெயருக்குக் கீழே வரும் தலைப்புக்கு 220 எழுத்து வரை இடம். மூன்று பேர் தலைப்பும் எப்படி இருந்தன என்றால், மைத்துனன் ஆங்கிலத்தில் 'அடுத்த தலைமுறை விநியோகச் சங்கிலிக்கான செயற்கை நுண்ணறிவுத் தளத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்' என்ற பொருளில் எழுதியிருந்தான். எங்கள் மென்பொருளில் இருந்த நுண்ணறிவு முழுக்க இயற்கையானது, அது அண்ணனுடையது. என் தலைப்பில் தொழில்முனைவர், பேச்சாளர், வழிகாட்டி என்று மூன்று பேர் இருந்தார்கள். அண்ணன் தலைப்பில் மேனேஜர், அவ்வளவுதான்.

இதைப் படிக்கும் அந்த ஏற்றுமதி வாரிசுக்கு நாங்கள் என்ன விற்கிறோம் என்று எப்படித் தெரியும்? அண்ணனிடமே கேட்டேன், மில்காரர்களிடம் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று. அவர் யோசிக்கவே இல்லை. "துணி நிட்டிங்ல இருந்து சாயப்பட்டறைக்குப் போகுது. நூறு கிலோ போனா நூறு கிலோ வராது. எந்தப் பட்டறையில எத்தனை கிலோ நிக்குது, எத்தனை குறைஞ்சுது, டி.சி. எங்க, அதைச் சொல்ற சாப்ட்வேருங்க."

அதையே அப்படியே ஆங்கிலத்தில் சுருக்கினோம். ஜாப் ஒர்க்குக்குப் போன துணி எந்தப் பட்டறையில் எத்தனை கிலோ நிற்கிறது என்று பனியன் கம்பெனிகளுக்குக் காட்டும் மென்பொருள், அவ்வளவுதான் வரி. அது பக்கத்தின் குறிப்பாயிற்று. மூன்று பேரின் தலைப்பிலும் முன்னால் அவரவர் வேலை, பின்னால் இதே வரி. அறிமுகப் பகுதியின் முதல் வாக்கியமும் அதுவே. நீளமாக எழுதினால் மேலே இரண்டு மூன்று வரிதான் தெரியும், மிச்சம் அழுத்தினால்தான் வரும். ஆகவே முதல் வாக்கியத்தில் சொல்லாததை யாரும் படிப்பதில்லை. மைத்துனன் மட்டும் கடைசி வரை 'தளம்' என்ற சொல்லுக்காகப் போராடினான். அதை அவனுடைய தனிப்பக்கத்து அறிமுகத்தில் மூன்றாவது பத்தியில் அனுமதித்தோம்.

பக்கம் தயாரானதும், "எல்லாரும் போய் இணைச்சுக்கங்க" என்றேன். இணைப்பது என்றால் என்ன என்று மூன்று பேருக்கும் மூன்று எண்ணம். அண்ணன் பக்கத்தைப் பின்தொடர்ந்துவிட்டு, வேலை முடிந்தது என்றார். பின்தொடர்வது ரசிகர் மன்றத்தில் சேர்வது, வேலையில் சேர்வதல்ல. தன் பக்கத்தில் அனுபவம் என்ற பகுதியில் போய், கம்பெனிப் பெயரை அடிக்கத் தொடங்கும்போது கீழே ஒரு பட்டியல் விழும். அதில் நம் லோகோவோடு இருக்கும் பெயரை அழுத்தித் தேர்ந்தெடுக்க வேண்டும். முழுப் பெயரையும் கையால் அடித்துவிட்டுச் சேமித்தால், எழுத்து ஒன்றுகூடப் பிசகாமல் இருந்தாலும் இணைப்பு வராது. என் பழைய பதிவும் அப்படித்தான், பக்கம் தொடங்கிய பிறகும் சாம்பல் கட்டடம் அசையாமல் நின்றது. பெயரை அழித்து மறுபடி அடித்துப் பட்டியலில் எடுத்த பிறகுதான் லோகோ வந்தது. சரியாக இணைந்ததா என்று பார்க்க வேறு சோதனையே வேண்டாம். லோகோ தெரிந்தால் இணைந்தது, அழுத்தினால் நம் பக்கம் திறந்தால் நிச்சயம்.

இந்த இரண்டாவது சோதனை ஏன் என்றால் அண்ணனால். அவர் பட்டியலில் முதலில் வந்ததை அழுத்திவிட்டார். லோகோவும் வந்தது, அழகாகவும் இருந்தது. அது எங்களுடையது அல்ல. எங்கள் பெயரில், கடல் கடந்த ஒரு நாட்டில், கட்டடங்களைச் சுத்தம் செய்து தரும் கம்பெனி ஒன்று இருக்கிறது. எங்களுக்கு முன்பே முகவரியைப் பிடித்துக்கொண்டவர்களும் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு நாள் அண்ணன் அவர்களுடைய கோ-ஃபவுண்டராக இருந்தார். அவர்கள் பக்கத்தில் ஊழியர் எண்ணிக்கை ஒன்று கூடியது, எங்கள் பக்கத்தில் ஒன்று குறைந்தே இருந்தது. அங்கே இரண்டு எண்ணிக்கைகள் உண்டு என்பது இதில்தான் எனக்குப் புரிந்தது. படிவத்தில் நாம் தேர்ந்தெடுக்கும் 2-10 என்பது நாம் சொல்வது. அதற்குப் பக்கத்தில் வரும் ஆட்களின் கணக்கு, தங்கள் பக்கத்தில் இந்தக் கம்பெனியில் இப்போது இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்களைக் கூட்டி லிங்க்ட்இன் தானே போடுவது.

தானே போடுவது என்பதால் அதில் நமக்குப் பிடியும் இல்லை. கல்லூரி விடுமுறையில் எங்களிடம் பயிற்சிக்கு வந்துபோன பையன் ஒருவன், பக்கம் திறந்ததைக் கேள்விப்பட்டு, தன்னையும் இணைத்துக்கொண்டான். பதவி: நிறுவனப் பொறியாளர். இன்றும் பணியில். ஊழியர் பட்டியலைத் திறந்தால் எங்களுக்கு மேலே அவன்தான் நின்றான், அவன் படம் எங்கள் படத்தைவிட நன்றாக இருக்கும். அடுத்தவர் பக்கத்தில் உள்ளதைக் கம்பெனி நிர்வாகி திருத்த முடியாது. சம்பந்தமே இல்லாத ஆள் சேர்ந்துகொண்டால் புகார் செய்ய வழி உண்டு, ஆனால் நம்மிடம் இருந்தவன் தேதி முடிக்காமல் விட்டதற்கெல்லாம் புகார் எழுதுவது அழகல்ல. அவன் அப்பாவிடம் பேசினேன். "சார், வேலை கிடைக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். பயிற்சியாளர் என்று மாற்றி, முடிந்த மாதத்தைப் போடுவதாகச் சமரசம் ஆனது.

இணைக்கும்போது அந்தப் படிவத்தில் Notify network என்று ஒரு சின்ன விசை இருக்கும். அதை மூடாமல் சேமித்தால், இவர் புதுப் பொறுப்பு ஏற்றிருக்கிறார் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் தகவல் போகக்கூடும். மைத்துனன் எப்போதோ வேலையை விட்டுவிட்டதால் அவனுக்கு வாழ்த்து மழைதான். அண்ணன் கதை வேறு. மில் முதலாளியிடம் அவர் சொல்லிவிட்டு வந்தது, உடம்பு முன்னே மாதிரி இல்லை, ஓய்வெடுக்கப் போகிறேன் என்று. முதலாளிக்கு லிங்க்ட்இன் கிடையாது. பேத்திக்கு உண்டு. மறுநாள் காலை போன் வந்தது. அண்ணன் எழுந்து நின்றுகொண்டே பேசினார். எதிர்முனையில் கேட்டது எங்களுக்கும் கேட்டது: "ஏனப்பா, ஓய்வெடுக்கறதுக்கு கோ-ஃபவுண்டர்னா பேரு?" பழைய முதலாளியிடம் சொல்ல வேண்டியதை நேரில் சொல்லிவிட்டு அதன் பிறகு அந்த விசையைத் தொடுவது நல்லது. அல்லது முதலில் மூடிவிட்டுச் சேமிப்பது.

படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று பேர் பக்கத்திலும் கம்பெனிப் பக்கத்திலும் மேலே ஒரே பேனர் இருந்தால் ஒரே வீட்டு ஆட்கள் என்று பார்த்ததும் தெரியும். ஒரே படத்தைத் தூக்கி எல்லா இடத்திலும் போட்டோம். கம்பெனிப் பக்கத்தின் பேனர் ஒல்லியான பட்டை. தனிநபர் பேனர் 1584-க்கு 396, ஓரளவு உயரமானது. ஒன்றுக்குச் செய்ததை இன்னொன்றில் போட்டால் தலையோ காலோ போகும். அதைவிட முக்கியம், தனிநபர் பக்கத்தில் முகப்படம் பேனரின் இடது கீழ்மூலையை மறைத்துக்கொண்டு உட்காரும். எங்கள் பேனரில் பெயர் இடது பக்கம் இருந்தது. அண்ணன் பக்கத்தில் கம்பெனிப் பெயரின் முதல் பாதி அவர் மீசைக்குப் பின்னால் போய்விட்டது, மிஞ்சிய பாதியைப் படித்தால் மருந்துக்கடை மாதிரி இருந்தது. எழுத்தை வலப்பக்கம் தள்ளி, இரண்டு அளவுகளில் இரண்டு படமாகச் செய்ததும் சரியானது. அண்ணனின் தோளில் இருந்த கையையும் அப்போதே விடுவித்தோம்.

பக்கத்தில் என்ன எழுதுவது என்பதில் எனக்கு ஒரு திடமான கருத்து உண்டு. புதுக் கம்பெனியின் பக்கத்தில் போடுவதை யாரும் படிப்பதில்லை. ஆட்கள் ஆட்களைத்தான் படிக்கிறார்கள். சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியில் எடை ஏன் குறைகிறது, எவ்வளவு குறைந்தால் நியாயம் என்று அண்ணன் தன் பக்கத்தில் கொச்சையாக எழுதியதற்கு மில்காரர்களும் பட்டறைக்காரர்களும் வந்து அடித்துக்கொண்டார்கள். அதையே நான் செம்மையாக்கிக் கம்பெனிப் பக்கத்தில் போட்டேன், விரும்பியவர்கள் மூன்று பேர், மூவரும் முதலாளிகள். ஆகவே கதை, சண்டை, அனுபவம் எல்லாம் அவரவர் பக்கத்தில். வேலைக்கு ஆள் தேவை, புதிய வசதி, விடுமுறை அறிவிப்பு எல்லாம் கம்பெனிப் பக்கத்தில். அங்கே மாதத்துக்கு இரண்டு பதிவு போதும், கடை திறந்திருக்கிறது என்று தெரிந்தால் சரி.

பின்தொடர்பவர்களைச் சேர்க்க நிர்வாகிகள் தங்கள் இணைப்பில் உள்ளவர்களை அழைக்கலாம். பக்கத்துக்கு மாதம் 250 அழைப்பு, அதை எல்லா நிர்வாகிகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அழைத்தவர் ஏற்றுக்கொண்டால் அந்த அழைப்பு நமக்கே திரும்ப வரும். மைத்துனன் முதல் நாளே மொத்தத்தையும் தன் கல்லூரி நண்பர்களுக்கு அனுப்பித் தீர்த்துவிட்டான். அவர்களில் ஒருவருக்கும் துணியோடு உள்ள உறவு உடுத்துவதைத் தாண்டியதில்லை. அண்ணனுக்குத் தெரிந்த டையிங்காரர்களை அழைக்க அடுத்த மாதம் வரை காத்திருந்தோம்.

நிர்வாகியாக இருப்பவர் எழுதும்போது கவனிக்க வேண்டியது, யார் பெயரில் எழுதுகிறோம் என்பது. கருத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் சிறு படம் ஒன்று இருக்கும், அது நம் முகமா கம்பெனி லோகோவா என்று பார்த்துவிட்டு அடிக்க வேண்டும். நான் ஒரு கண்காட்சியில் பேசிய படத்துக்குக் கீழே எங்கள் கம்பெனியே வந்து, "மாமா செம, அக்கா கட்டின டை சூப்பர்" என்று எழுதியது. அதை அந்த ஏற்றுமதி வாரிசும் விரும்பியிருந்தார். மாமா என்று அழைக்கும் கம்பெனியின் மீது நம்பிக்கை வந்துவிட்டதோ என்னவோ, மென்பொருளை வாங்கிவிட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு லிங்க்ட்இன் பக்கத்தால் நேரடியாக வந்த வியாபாரம் என்று எதையும் என்னால் காட்ட முடியாது. அது வேறு காரியத்துக்கு உதவுகிறது. வேறு எங்கோ நம் பெயரைக் கேட்டவர்கள் நாம் சொன்னது நிஜந்தானா என்று சரிபார்க்க அங்கே வருகிறார்கள். வாங்குகிறவர், கடன் கொடுப்பவர், வேலைக்கு வருகிற பிள்ளை, அந்தப் பிள்ளையின் அம்மா. மைத்துனனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது பெண் வீட்டாரும் வந்தார்கள். பெண்ணின் சித்தப்பா மூன்று பேர் பக்கத்தையும் ஒப்பிட்டு முடித்துவிட்டு, ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: "2-10 பேருன்னு போட்டிருக்குதுங்களே, ரெண்டுங்களா, பத்துங்களா?"

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்தைத் திறந்த அன்றே இன்னொரு கூட்டாளியையும் சூப்பர் அட்மினாகச் சேர்த்துவிடுங்கள். ஒரே ஒருவர் கையில் இருந்து, அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால், கம்பெனி நம்முடையதுதான் என்று லிங்க்ட்இன்னிடம் மனுப்போட்டு நிரூபிக்க வேண்டியிருக்கும். எங்களில் மூன்று பேருமே சூப்பர் அட்மின். அண்ணனுக்கு இன்னும் அது தெரியாது, தெரிந்தால் தலைப்பில் போட்டுக்கொள்வார்.